வருமானம் தெரியாமல் போட்ட மாத பட்ஜெட்: 1,000 பங்குத் திட்டம்

வணக்கம்.

"மாத பட்ஜெட் ஒன்று போட்டுக் கொடுங்கள், 1ஆம் தேதியிலிருந்து கடைப்பிடிக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். கைக்கு எவ்வளவு வருகிறது, மாதாமாதம் கட்டியே ஆக வேண்டியது எவ்வளவு, எதற்காகச் சேமிக்கிறீர்கள் என்ற மூன்றும் அதில் இல்லை. அவை வரட்டும் என்று காத்திருந்தால் 1ஆம் தேதி கடந்துவிடும். அதனால் உங்கள் வருமானத்தை 1,000 பங்காக வைத்துத் திட்டம் போட்டிருக்கிறோம். கைக்கு வருவது 36,000 என்றால் கீழே உள்ள ஒவ்வோர் எண்ணையும் 36ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வருமானம் என்று நாங்கள் சொல்வது எல்லாப் பிடித்தமும் போக உங்கள் கணக்கில் வந்து விழும் தொகையை. போனஸ், ஓவர்டைம், எப்போதாவது வரும் கமிஷன் எதையும் சேர்க்க வேண்டாம். மாதத்துக்கு மாதம் மாறும் வருமானம் என்றால் கடந்த ஆறு மாதத்தில் எது மிகக் குறைவோ அதையே எடுங்கள். சராசரியை எடுத்தால் குறைவாக வரும் மாதங்களில் திட்டம் உடைந்துவிடும், அந்த ஓட்டையைக் கடன்தான் அடைக்கும்.

முதல் மாத ஒதுக்கீடு

நிலையான செலவு: 500
அன்றாடச் செலவு: 248
ஆண்டுச் செலவுக்கான ஒதுக்கீடு: 80
சேமிப்பு: 100
எதிர்பாராத செலவு: 72

வாடகை, கடன் தவணை, மின்சாரம், இணையம், போன், பள்ளிக் கட்டணம், பயணப் பாஸ் எல்லாம் நிலையான செலவு. தொகை கொஞ்சம் ஏறி இறங்கினாலும், தேதி தவறினால் அபராதமோ துண்டிப்போ வரும் எதுவும் இதில்தான் சேரும். உணவு, உடை, மருந்துக்கடை, வெளியே போவது, சின்னச் சின்ன சந்தாக்கள் அன்றாடச் செலவு.

248 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. அதை 31ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 56. அன்றாடப் பணத்தை மாத மொத்தமாகக் கையில் வைக்காதீர்கள். 1, 8, 15, 22 ஆகிய தேதிகளில் 56 வீதம் தனிக் கணக்குக்கோ தனி உறைக்கோ மாற்றுங்கள். 29ஆம் தேதி மீதி 24. மாதத்துக்கு நான்கு வாரம் என்று எண்ணி 248ஐ நான்காகப் பிரிப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. வாரத்துக்கு 62 என்று செலவாகி 28ஆம் தேதியோடு பணம் தீர்ந்துவிடும், கடைசி மூன்று நாளும் சேமிப்பிலிருந்து ஓடும். 30 நாள் மாதத்திலும் பிப்ரவரியிலும் இதே கணக்குதான். மிஞ்சுவதைச் சேமிப்பில் போடுங்கள். சம்பளம் மாத நடுவில் வந்தால் அந்த நாளையே 1ஆம் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டில் வாங்கியதை வாங்கிய அன்றே அந்த வாரத்து 56இலிருந்து கழித்துவிடுங்கள். பில் வரும்போது எழுதினால் ஒரு மாதச் செலவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய், இந்த மாதம் மிச்சம் பிடித்தது போலப் பொய்த் தோற்றம் தரும். பழைய நிலுவையின் குறைந்தபட்சத் தவணை மட்டும் நிலையான செலவில் வரட்டும். அப்படி நிலுவை இருந்தால் சேமிப்பின் 100இல் 50ஐ அதிக வட்டியுள்ள கடனுக்குக் கூடுதலாகக் கட்டுங்கள்.

ஆண்டுச் செலவுக்கு மாதம் 80 என்றால் வருடத்துக்கு 960. காப்பீட்டுத் தவணை, வண்டிப் பராமரிப்பு, வரி, வருடம் ஒருமுறை புதுப்பிக்கும் கட்டணங்கள் இதிலிருந்து போகும். பெரும்பாலான பட்ஜெட்டுகள் கவிழ்வது இந்த இடத்தில்தான், ஏனென்றால் மாதக் கணக்கில் இவை கண்ணில் படுவதே இல்லை. 12ஆல் வகுத்தால் போதும் என்று விட்டுவிடவும் முடியாது: 600 பங்குக்கான பில் நான்கு மாதத்தில் வருகிறது என்றால் 12ஆல் வகுத்த 50 உதவாது, இப்போதிலிருந்து மாதம் 150 வேண்டும். எப்போதும் மீதமுள்ள மாதங்களால் வகுங்கள். 80ஐ மீறும் தொகையை முதலில் எதிர்பாராத செலவின் 72இலிருந்து எடுங்கள்.

விரிதாளில் B1இல் வருமானத்தைப் போட்டு, B2 முதல் B7 வரை இவற்றை வரிசையாக இடுங்கள்:

```
=ROUND(B1*0.5,0)
=ROUND(B1*0.248,0)
=ROUND(B1*0.08,0)
=ROUND(B1*0.1,0)
=B1-SUM(B2:B5)
=ROUNDDOWN(B3/31*7,0)
```

ஐந்தாவது வரி எதிர்பாராத செலவு. முழு எண்ணாக்குவதில் வரும் வித்தியாசம் அதில் போய் அடங்கட்டும் என்றுதான் அதைக் கழித்தலாக வைத்திருக்கிறோம். கடைசி வரி உங்கள் வாரத் தொகை.

நிலையான செலவு 500ஐத் தாண்டினால்

தாண்டும் வாய்ப்பு அதிகம். உதாரணமாக 620 வருகிறது என்றால் 120ஐ எங்கிருந்து எடுப்பது? சேமிப்பை 100இலிருந்து 50 ஆக்குங்கள், அன்றாடச் செலவை 217 ஆக்குங்கள் (நாளுக்கு 7, வாரத்துக்கு 49), எதிர்பாராததை 33 ஆக்குங்கள். ஆண்டுச் செலவின் 80ஐத் தொடாதீர்கள், அந்த பில்கள் நீங்கள் ஒதுக்கினாலும் ஒதுக்காவிட்டாலும் வரும். சேமிப்பைப் பூஜ்ஜியம் ஆக்கவும் வேண்டாம். ஒருமுறை நின்றதை மறுபடி தொடங்குவது கடினம். 700ஐத் தாண்டினால் அன்றாடச் செலவை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, இறுக்கிய பட்ஜெட்டை மூன்றாவது வாரத்தில் கைவிடுவீர்கள். அப்போது வாடகையையோ தவணைக் காலத்தையோ மாற்றுவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சேமிப்பு இலக்கு

நீங்கள் சொல்லும்வரை நாங்களே ஒன்றை வைத்திருக்கிறோம்: ஒரு மாதத்து நிலையான செலவும் அன்றாடச் செலவும் சேர்ந்த 748. மாதம் 100 வீதம் சேர்த்தால் எட்டாவது மாதம் நிறையும். எதிர்பாராத 72இல் பாதி மிஞ்சி அதையும் இதில் போட்டால் ஆறு மாதம். பணம் வந்த அன்றே மாற்றிவிடுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று விட்டால் மிஞ்சாது. இது வேலை போனாலும் உடம்பு முடியாமல் போனாலும் தொட வேண்டிய பணம், வேறெதற்கும் இல்லை. நிறைந்த பிறகு வேறு இலக்கு வைக்கலாம். அப்போது "நிறையச் சேமிக்க வேண்டும்" என்று எழுதாமல், எவ்வளவு, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். தொகையை மாதங்களால் வகுத்தால் கிடைப்பதுதான் மாதச் சேமிப்பு.

நீங்கள் அனுப்ப வேண்டியவை

கடந்த மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நி, அ, ஆ என்று குறியுங்கள்: நிலையான, அன்றாட, ஆண்டுச் செலவு. உங்கள் கணக்குகளுக்குள்ளேயே மாற்றிய தொகையையும் கார்டு பில்லுக்குக் கட்டியதையும் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே செலவு இரண்டு முறை எண்ணப்படும். கார்டில் வாங்கியவற்றுக்கு அதன் ஸ்டேட்மென்ட்டையும் இதே போலக் குறியுங்கள். ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம் எதற்குப் போனது என்று நினைவில்லாவிட்டால் முழுவதையும் அன்றாடத்தில் போடுங்கள். பிறகு எங்களுக்கு எழுத வேண்டியது: குறைந்தபட்ச மாத வருமானம், "நி" கூட்டலை மூன்றால் வகுத்த தொகை, இனி 12 மாதத்தில் வரும் ஆண்டு பில்கள் தேதியோடு, சேமிப்பு இலக்கு தேதியோடு, கடன் இருந்தால் நிலுவையும் வட்டி விகிதமும்.

ஸ்டேட்மென்ட்டை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், எண்கள் மட்டும் போதும். 22ஆம் தேதிக்குள் வந்தால் இரண்டாவது மாதத்துக்கு இந்த 500, 248, 80, 100, 72ஐ உங்கள் உண்மையான எண்களுக்கு மாற்றித் தருகிறோம். அனுப்ப முடியாவிட்டால் இதே பங்கீட்டில் இரண்டாவது மாதத்தையும் ஓட்டுங்கள்.