தவணைக் காலத்தில் வேலையிடப் பயிற்சியில் சேரத் தடையில்லாச் சான்றிதழ் வேண்டி

சிங்கப்பூர்
13 ஆகஸ்ட் 2025

அனுப்புநர்:
கயல்விழி
தமிழ்த்துறை, இரண்டாம் ஆண்டு

பெறுநர்:
தமிழ்த்துறைத் தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் வேலையிடப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் 2 முதல் நவம்பர் 21 வரை, பன்னிரண்டு வாரங்கள். தவணை நடக்கும் காலம் என்பதால், கல்லூரியின் தடையில்லாச் சான்றிதழைக் கொடுத்த பிறகே சேர்த்துக்கொள்ள முடியும் என்கிறார்கள்.

முதியவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் எழுத்தாக்குவதும் பிழை பார்ப்பதும்தான் வேலை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் உழைத்தவர்கள், மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கணக்கு எழுதியவர்கள், செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் அவற்றில் பேசுகிறார்கள். என் தாத்தாவும் ஈப்போவுக்கு வருமுன் செம்பவாங்கில் வேலை பார்த்தவர். அவர் பேசியதைப் பதிவு செய்ய அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பேச்சுத்தமிழை எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்று நீங்கள் வகுப்பில் சொன்னதை நேரடியாகச் செய்துபார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது, ஐயா.

நேரத்தைப் பற்றி: செவ்வாயும் வெள்ளியும், காலை 9 முதல் மாலை 5 வரை. சாப்பாட்டு நேரம் போக வாரத்துக்கு 14 மணி நேரம். நான் மலேசியாவிலிருந்து வந்து மாணவர் அனுமதி அட்டையில் படிப்பதால், பாடத்திட்டத்தில் சேராத வேலையைத் தவணைக் காலத்தில் வாரம் 16 மணி நேரத்துக்கு மேல் செய்யக் கூடாது. மனிதவள அமைச்சின் அந்த வரம்புக்குள்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதலில் மூன்று நாள் வரச் சொன்னார்கள். முடியாது என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார்கள்.

செவ்வாயன்று எனக்கு வகுப்பு இல்லை. வெள்ளி மதியம் மொழிபெயர்ப்பு டியூட்டோரியல் மட்டும் இடிக்கிறது. அதைப் புதன் குழுவோடு சேர்ந்து படிக்க விரிவுரையாளர் சம்மதித்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். தேர்வோ ஒப்படைப்போ அந்த நாள்களில் வந்தால் பயிற்சிக்குத்தான் விடுப்பு எடுப்பேன், வகுப்புக்கு அல்ல. இரண்டு நாள் அதிகம் என்று நீங்கள் கருதினால், செவ்வாய்க்கு மட்டுமாவது அனுமதி தாருங்கள். அப்படி நேர்ந்தால் அங்கே நான் பேசிக்கொள்கிறேன்.

சான்றிதழில் நான் முழுநேர மாணவி என்பது, பயிற்சியின் தொடக்க, முடிவு நாள்கள், வாரத்துக்கு 14 மணி நேரம், இதில் கல்லூரிக்கு ஆட்சேபனை இல்லை என்பது ஆகியவை இருக்க வேண்டுமாம். இந்தப் பயிற்சிக்குப் பாடப் புள்ளிகள் எதையும் நான் கோரவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமைக்குள் அதை அங்கே ஒப்படைக்க வேண்டும். நேரில் விளக்க வேண்டுமானால், நாளையும் மறுநாளும் மதியம் 3 மணிக்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

நிலையத்தின் அழைப்புக் கடிதம், என் வகுப்பு அட்டவணை, விரிவுரையாளரின் மின்னஞ்சல், மாணவர் அனுமதி அட்டையின் நகல் நான்கையும் இணைத்திருக்கிறேன்.

நன்றி ஐயா.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
கயல்விழி