புகார்ப் பிரிவும் விநியோகப் பிரிவும் இணைவது பற்றி

அன்புள்ள சக ஊழியர்களுக்கு,

வணக்கம். வரும் முதல் தேதியிலிருந்து இரு பிரிவுகளும் ஒன்றாகின்றன. அறிவிப்பு வந்த நாளிலிருந்து உங்களில் பலர் நேரடியாகவும் மறைமுகமாகவும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "யாருக்காவது வேலை போகுமா?" போகாது. இந்த இணைப்பில் ஒரு பணியிடம்கூடக் குறைக்கப்படவில்லை. நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே உங்களுக்கு எழுதுகிறேன்.

சம்பளம், பதவிப் பெயர், பணி மூப்பு, சேர்ந்திருக்கும் விடுப்பு எதுவும் மாறாது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற விடுப்பு அப்படியே செல்லும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம். ஷிப்ட் நேரங்களும் இப்போது உள்ளபடியே தொடரும்.

இனி யாரிடம் பதில் சொல்வது? இரண்டு மேற்பார்வையாளர்களும் அவரவர் பொறுப்பில் நீடிக்கிறார்கள். உங்கள் அன்றாட வேலை, விடுப்பு, ஆண்டு மதிப்பீடு மூன்றுக்கும் இப்போதைய மேற்பார்வையாளரே பொறுப்பு. அவர்கள் இருவரும் தனித்தனி மேலாளர்களுக்குப் பதிலாக இனி என்னிடம் பதில் சொல்வார்கள். உங்கள் வேலையைப் பார்க்காத ஒருவர் உங்களுக்கு மதிப்பெண் போடும் நிலை வராது. இரவு ஷிப்டில் இருப்பவர்கள் மட்டும் இதுவரை இரு பக்கமும் பதில் சொல்லி அல்லாடினார்கள். இனி அவர்களுக்கு விநியோக மேற்பார்வையாளர் ஒருவரே.

மற்ற மேற்பார்வையாளர் அவசரமாக ஒரு வேலை சொன்னால், "எங்கள் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்று கூறலாம். அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இருவரிடமும் பேசிவிட்டேன்.

மாறுவது, புகார் கைமாறும் விதம். இப்போது பார்சல் வரவில்லை என்று ஒருவர் அழைத்தால், புகார்ப் பிரிவு குறித்துக்கொண்டு விநியோகப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. பதில் மறுநாள் காலை வருகிறது. அதற்குள் அவர் மூன்று முறை அழைத்துவிடுகிறார். மூன்று முறையும் ஏச்சு வாங்குவது தொலைபேசியை எடுத்த நம் ஊழியர். வண்டி எங்கே நிற்கிறது என்பது அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தும் இப்படி நடக்கிறது. இனி இரு பிரிவினரும் ஒரே பதிவேட்டைத் திரையில் பார்ப்பார்கள். அழைப்பிலேயே பதில் சொல்லிவிடலாம். இணைப்பை நான் ஆதரித்ததற்கு முதல் காரணம் இதுதான். புதிய பதிவேட்டுக்குப் பயிற்சி உண்டு, அதுவும் பணி நேரத்திலேயே. முதல் மாதத்தில் அதனால் வேலை தாமதமானால் மதிப்பீட்டில் சேர்க்கமாட்டோம்.

இருக்கை ஏற்பாடு இன்னும் முடிவாகவில்லை. உங்களைக் கேட்காமல் ஒரு மேசையையும் நகர்த்தமாட்டோம்.

புதன்கிழமை மாலை 3 மணிக்குக் கூட்ட அறையில் எல்லோரும் சந்திப்போம். இரவு ஷிப்டினருக்கு அன்றே இரவு 9 மணிக்குத் தனியாக ஒரு கூட்டம். பலர் முன்னால் கேட்கத் தயங்குபவர்கள் அதற்கு முன்பே என் அறைக்கு வாருங்கள். இந்த வாரம் முழுவதும் மாலை 4 மணிக்கு மேல் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவை