ஆத்தங்குடி கல் பிரஸ் யூனிட்: திட்டத்தை நிறுத்தப் பரிந்துரை

உ

காரைக்குடி
3.11.2025

பொருள்: ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஆத்தங்குடி கல் தயாரிக்கும் திட்டத்தை இந்த மாதத்தோடு நிறுத்துவது குறித்து

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். திட்டத்தைத் தொடர வேண்டாம், மீதிப் பணத்தை விடுவிக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஐந்தொகையும் சோதனை அறிக்கைகளும் இத்துடன் இருக்கின்றன. அவற்றைப் படிக்க நேரம் இல்லையென்றால் இந்தக் கடிதம் மட்டும் போதும்.

கல்லின் பலத்தில் குறை ஒன்றும் இல்லை. ஐஎஸ் 1237 தரத்தின்படி நீர் உறிஞ்சுதல் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நம் கல்லில் சராசரி 8.6. ஈர நிலை வளைவு வலிமை குறைந்தது 3 நியூட்டன் (சதுர மி.மீ.க்கு) இருக்க வேண்டும், நமக்கு 3.7. வாங்குகிறவர்கள் கல்லைத் திருப்பி அனுப்புவது முகத்தைப் பார்த்துத்தான்.

ஆத்தங்குடி கல்லின் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. கண்ணாடித் தட்டின்மேல் டிசைன் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் உலர் சிமென்ட்-மணல் தூவி, பின்பக்கக் கலவை போட்டு, காய்ந்து இறுகும்வரை கண்ணாடியோடே விட்டுவைக்கிறார்கள். கண்ணாடி கழலும்போது அதன் வழுவழுப்பு கல்லின் முகத்தில் அப்படியே பதிந்திருக்கும். பாலிஷ் போடவே தேவையில்லை.

பிரஸ்ஸில் இது நடக்கவில்லை. 100 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தத்தில் 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி முதல் அடியிலேயே நொறுங்கியது. ரப்பர் ஷீட் விரித்து 10 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி போட்டால் சுமார் 40 அடி தாங்குகிறது, பிறகு ஓரம் சிதறுகிறது. டஃபன்ட் கண்ணாடி சிதறினால் முழுத் தட்டும் போகும், துகள் கலவையில் கலந்து அந்த பேட்ச் முழுவதும் வீணாகும். அழுத்தத்தை 25 கிலோவுக்குக் குறைத்தால் கண்ணாடி பிழைக்கிறது. ஆனால் கல்லை உடனே அச்சிலிருந்து எடுக்க முடிவதில்லை, கைவேலையைப் போலக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பிரஸ் வாங்கியதற்கே அப்போது அர்த்தம் இல்லாமல் போகிறது. அதனால்தான் பாலிஷ் செய்த எஃகுத் தட்டுக்கு மாறினோம். எஃகில் கலவை ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவ வேண்டும். வெள்ளை, மஞ்சள் நிறங்களில் அந்த எண்ணெய் கறையாக நிற்கிறது, முகமும் மங்கலாக வருகிறது.

செப்டம்பரில் ஒரே தொடராக 2,400 கல் (12க்கு 12 அங்குலம், ஒரு கல் ஒரு சதுர அடி) எண்ணிப் பிரித்தோம். கழிவு 744, அதாவது 31 சதவீதம். திட்டத்தில் எழுதியிருந்தது 5 சதவீதம்.

மங்கல் முகம், எண்ணெய்க் கறை: 298
மூலை உடைவு: 171
உப்புப் பூத்தது: 163
கனத்தில் வித்தியாசம்: 112

உப்புக்குக் காரணம் நம் போர் தண்ணீர். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,900 மி.கி., கலவைத் தண்ணீருக்கு ஐஎஸ் 456 அனுமதிக்கும் 3,000-ஐத் தொட்டு நிற்கிறது. கியூரிங் தொட்டியில் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப விட்டதால் இன்னும் கெட்டியானது. டேங்கர் தண்ணீரில் ஊறவைத்த 300 கல்லில் உப்புப் பூத்தது 6 மட்டுமே. ஆகவே இது தீரக்கூடிய குறை. மூலை உடைவும் அச்சைத் திருத்தினால் குறையும். 'எல்லாவற்றையும் சரிசெய்து பார்க்கலாமே' என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும் என்பதால்தான் இவ்வளவு விவரம் எழுதுகிறேன். சரியாகிற குறைகளெல்லாம் சரியானாலும் முகம் மங்கலாகவேதான் இருக்கும். நாம் விற்க நினைத்ததோ அந்த முகத்தைத்தான்.

இனி விலை. கழிவைக் கணக்கில் எடுக்காமலே ஒரு சதுர அடி தயாரிக்க 82 ரூபாய் ஆகிறது (திட்டத்தில் 62). ஒரு ஷிஃப்டுக்கு 600 சதுர அடி எதிர்பார்த்தோம், நன்றாக ஓடிய மாதத்திலேயே சராசரி 214-தான் வந்தது. கூலியும் கரண்ட்டும் அந்த 214-இன் தலையில் ஏறுகின்றன. 31 சதவீதக் கழிவைச் சேர்த்தால் அடக்கம் 119 ரூபாய். மங்கலான கல்லுக்கு மொத்த வியாபாரிகள் தரத் தயாராக இருப்பது 78. கழிவை 5 சதவீதத்துக்கு இறக்கினாலும் அடக்கம் 86, சதுர அடிக்கு 8 ரூபாய் நஷ்டம். காரைக்குடிக் கடைகளிலேயே மோர்பியிலிருந்து வரும் ஆத்தங்குடி டிசைன் பிரின்ட் டைல்ஸ் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கைவேலைக் கல் வேண்டும் என்கிறவர் பட்டறைக்குப் போகிறார், விலை போதும் என்கிறவர் பிரின்ட் வாங்குகிறார். நடுவில் நமக்கு ஆள் இல்லை.

பிரஸ் கொடுத்தவர் வைப்ரேட்டர் மேசையும் பாலிஷ் லைனும் சேர்க்கச் சொல்கிறார்: 44 லட்சம். நடைமுறை மூலதனம் 27 லட்சம் சேர்த்தால் 71 லட்சம். கையில் இருப்பது 45.6, இன்னும் 25.4 லட்சம் நீங்கள் புதிதாகப் போட வேண்டும். உற்பத்தி 400 சதுர அடிக்கு ஏறி அடக்கம் 70 ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். பாலிஷ் செலவு 14 ரூபாய், கழிவு 5 சதவீதம் என்றால் 88 ரூபாயில் நிற்கும். தவிர, பாலிஷ் போடுவது கல்லின் மேலே இருக்கும் மெல்லிய வண்ணப் பூச்சைத் தின்கிறது. சோதித்த கற்களில் கோடுகளின் ஓரம் கலைந்துவிட்டது.

ஒப்புதலான 142 லட்சத்தில் இதுவரை செலவு 96.4 லட்சம்: பிரஸ், அச்சு 38.5; ஷெட், தொட்டிகள் 27.2, மின் இணைப்பு, போர் 8.3, மூலப்பொருள் 9.6, கூலி 12.8. ஷெட்டும் போரும் குத்தகை நிலத்தில் இருப்பதால் திரும்ப வராது. பிரஸ்ஸுக்கு 20 லட்சம், குத்தகை முன்பணம் 3 லட்சம், மீதமுள்ள வெள்ளைச் சிமென்டும் ஆக்சைடும் 1.1 லட்சம் என 24.1 லட்சம் வசூலாகும். மூடும் செலவு 12 லட்சம்: சிங்கப்பூர் ஆர்டருக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர 6, ஒன்பது பேருக்கான கணக்குத் தீர்வு 3.6, சப்ளையர் பாக்கி 2.4. நிகரமாக 12.1 லட்சம் வரும். செலவாகாத 45.6-உடன் சேர்த்து 57.7 லட்சம் உங்கள் கையில் நிற்கும். போன பணத்துக்காக இதையும் விடக் கூடாது.

தற்காலிகமாக நிறுத்தி வைப்பதையும் யோசித்தேன். வாடகையும் கூலியும் மின் கட்டணமுமாக மாதம் 2.6 லட்சம் போய்க்கொண்டே இருக்கும், பிரஸ்ஸின் விலையும் இறங்கும். சிங்கப்பூர்க்காரருக்குக் கைவேலைக் கல்லைப் பட்டறைகளில் வாங்கி அனுப்பலாம். ஆனால் அது வியாபாரம், உற்பத்தி அல்ல. விரும்பினால் தனிக் கணக்காகப் பேசலாம், இந்தத் திட்டத்தின் நஷ்டத்தை அதில் ஏற்ற வேண்டாம்.

உங்களிடமிருந்து மூன்று ஒப்புதல்கள் வேண்டும். முதலாவது, திட்டத்தை நிறுத்தச் சம்மதம். இரண்டாவது, பிரஸ்ஸை விற்க அனுமதி. கேட்டிருப்பவர் 20 லட்சம் என்ற விலையை நவம்பர் 20 வரைதான் வைத்திருப்பார். மூன்றாவது, ஆட்களின் கணக்கை முதலில் தீர்க்க 3.6 லட்சம். இவர்களில் இரண்டு மேஸ்திரிகளுக்குப் பட்டறையில் வேலை காத்திருக்கிறது, இழுத்தடித்தால் அதுவும் போய்விடும். நிலக்காரருக்கு இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். 30-ஆம் தேதிக்குள் கொடுத்தால் ஜனவரியோடு வாடகை முடியும்.

வரும் வெள்ளிக்கிழமை சென்னை வந்து பேரேட்டோடு நேரில் விளக்கத் தயாராக இருக்கிறேன். மங்கல் கல் இரண்டும் பட்டறைக் கல் ஒன்றும் கொண்டுவருகிறேன், மூன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
திட்ட மேலாளர்

இணைப்பு: அக்டோபர் 31 வரையிலான ஐந்தொகை, கழிவு எண்ணிக்கைத் தாள், கல், தண்ணீர் சோதனை அறிக்கைகள், பிரஸ் விலைக் கடிதம்