ஆர்டர் எப்போது கிளம்பும்? சனிக்கிழமை பயிற்சிக்கான விளையாட்டு

நடத்துபவருக்கான குறிப்பு. இடம்: திருப்பூர் அலுவலகம், மாடி மீட்டிங் ஹால். மெர்ச்சண்டைசிங், புரொடக்ஷன், அக்கவுண்ட்ஸ் என 24 பேர், நாலு நாலு பேராக ஆறு மேசை. மொத்தம் 45 நிமிடம்.

வட்டமாக நிறுத்தி ஒவ்வொருவரையும் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்வது, பாட்டு, நடிப்பு, ஒருவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவது எதுவும் இந்த விளையாட்டில் இல்லை. கூச்சமுள்ளவர் தன் முறை எப்போது வரும் என்ற பதற்றத்திலேயே இருப்பார், மற்றவர்கள் பேசுவது காதில் ஏறாது. நாம் வளர்க்க நினைப்பதோ கேட்கும் பழக்கத்தையும்தான். அதனால் பேசுவதற்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம்: ஒவ்வொருவரிடமும் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு விவரம் இருக்கும், அது இல்லாமல் விடை வராது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கொண்டுவந்த ஜிக்சா முறையின் அடிப்படையும் இதுதான்.

மேசை பிரிக்கும்போது மேலாளரையும் அவருக்கு நேரடியாகக் கீழே வேலை செய்பவரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மேலதிகாரி எதிரில் இருந்தால், பேசக்கூடியவரே வாயைத் திறக்க மாட்டார்.

தொடக்கத்தில் சொல்ல வேண்டியது:

"வணக்கம். உங்கள் கையில் ஆளுக்கு ஒரு கார்டு இருக்கிறது. அதை யாரிடமும் காட்ட வேண்டாம். அதில் உள்ளதைச் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்லலாம், துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுக்கலாம். மூன்றும் ஒன்றுதான். முதல் மூன்று நிமிடம் யாரும் பேச வேண்டாம், படித்து யோசியுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும். அதன் பிறகு 12 நிமிடம் நாலு பேரும் சேர்ந்து. கண்டுபிடிக்க வேண்டியது, லாரி எந்தத் தேதி கிளம்பும் என்பது. ஞாயிறும் வேலை நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை முடிந்த மறுநாள்தான் அடுத்தது. முதல் பரிசு, கடைசி இடம் எதுவும் கிடையாது. போட்டோ, வீடியோ யாரும் எடுக்க வேண்டாம்."

கார்டுகள்:

முதல் கார்டு: நூல் 3ஆம் தேதி காலை வருகிறது. அன்றே நிட்டிங் தொடங்கும். ஐந்து நாள் ஓடும்.

இரண்டாம் கார்டு: டையிங் நான்கு நாள். வந்த துணியை விரித்துப் போட்டு ஒரு முழு நாள் ஆற விட்ட பிறகே கட்டிங் மேசைக்குப் போகும்.

மூன்றாம் கார்டு: கட்டிங் இரண்டு நாள். தையல் ஆறு நாள். கரண்ட் இல்லாத நாளில் தையல் லைன் ஓடாது.

நான்காம் கார்டு: 18ஆம் தேதி பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை. செக்கிங், அயர்னிங், பேக்கிங் மூன்றும் சேர்த்து இரண்டு நாள். மறுநாள் காலை லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும்.

விடை 24ஆம் தேதி. நிட்டிங் 3 முதல் 7, டையிங் 8 முதல் 11, துணி ஆறுவது 12, கட்டிங் 13, 14. தையல் 15இல் தொடங்கி 18ஐத் தாண்டி 21இல் முடியும். பேக்கிங் 22, 23. ஒரு மேசை 23 என்று சொன்னால், பெரும்பாலும் மின்தடையோ துணி ஆறும் நாளோ விட்டுப்போயிருக்கும். "யார் சொல்லாமல் விட்டது?" என்று கேட்கவே கூடாது. "எந்த விவரம் உங்கள் கணக்கில் இன்னும் வரவில்லை?" என்று மேசைக்குப் பொதுவாகக் கேளுங்கள்.

ஒருவரே எல்லாம் பேசிக்கொண்டிருந்தால் அவரை அடக்க வேண்டாம். பேனாவை அவர் கையில் கொடுத்து, "மற்றவங்க சொல்றதை நீங்க வரிசையா எழுதிடுங்க சார்" என்றால் போதும். பேசாமல் இருப்பவரிடம் போய், "நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்பது அவரை எல்லோர் முன்பும் நிறுத்துவது போலத்தான். அவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம், அதுவும் பேச்சுதான்.

விளையாட வேண்டாம் என்று நினைப்பவர் நேரம் பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம், காரணம் கேட்க வேண்டாம். அவருடைய கார்டை மேசை நடுவில் எழுத்து தெரியும்படி வைத்துவிடுங்கள்.

நேரம் முடிந்ததும் விடையைத் தேதி வரிசையோடு சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மேசையும் தானாகவே சரிபார்த்துக்கொள்ளும். அடுத்த 10 நிமிடம் மறுபடி ஜோடியாகவே பேசட்டும்: நம் வேலையில் எந்த விவரம் இப்படி ஒருவர் கையிலேயே நின்றுபோகிறது? லேபிள் தாமதமாவது அக்கவுண்ட்ஸுக்குத் தெரியும், புரொடக்ஷனுக்குத் தெரியாது என்பது போல. ஜோடியில் யாராவது விரும்பினால் பொதுவில் சொல்லலாம். யாரும் சொல்லாவிட்டால் அமைதியாகவே அடுத்ததற்குப் போங்கள்.

கருத்துச் சீட்டில் எழுதச் சொல்லாதீர்கள். சின்ன அலுவலகம், கையெழுத்தை வைத்தே ஆள் தெரிந்துவிடும். இரண்டு கேள்வி அச்சடித்து, டிக் போட மட்டும் இடம் விடுங்கள்: நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடிந்தது, ஆம் அல்லது இல்லை. எந்த நேரத்திலாவது சங்கடமாக இருந்தது, ஆம் அல்லது இல்லை. பெட்டியை வாசலருகே வையுங்கள், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு ஆம் வந்தாலும், அது யார் என்று தேடாமல், அடுத்த முறைக்கு முன் இந்தக் குறிப்பை மாற்றுங்கள்.