சித்திக்கு: கவினுக்கு எந்தப் பாக்கெட் கொடுக்கலாம், எது வேண்டாம்

சித்தி, நான் ஹைதராபாத் பயிற்சிக்குப் போயிருக்கும்போது கவின் உங்களோடு இருப்பான், முட்டை அலர்ஜி இருக்கிற அவனுக்குக் கடையில் என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று நேற்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால் எழுதி அனுப்புகிறேன். சித்தப்பாவுக்கும் மேகலாவுக்கும் இதை அப்படியே அனுப்பிவிடுங்கள். சாயங்காலம் கடைக்குப் போகிறவர் சித்தப்பாதான், அவர் கட்டாயம் படிக்க வேண்டும்.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இட்லி, தோசை, பருப்பு சாதம், தயிர், பால், பன்னீர், மீன், கோழிக்குழம்பு எல்லாம் சாப்பிடுகிறான். கோழி சாப்பிடுகிறவனுக்கு முட்டை எப்படி ஆகாமல் போகும் என்று ஆச்சி கேட்பார்கள். அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது முட்டையில் இருக்கிற புரதம். கோழிக்கறி அவனுக்கு ஒன்றும் செய்ததில்லை. முட்டை பொரித்த கல்லில் மட்டும் கழுவாமல் அவனுக்குத் தோசை ஊற்ற வேண்டாம்.

இனி பாக்கெட். கையில் எடுத்ததும் முதலில் சதுரத்துக்குள் இருக்கிற குறியைப் பாருங்கள். பச்சை வட்டம் என்றால் அதில் முட்டை சேர்க்கவில்லை. நம் நாட்டுச் சட்டப்படி முட்டை சேர்த்த பண்டம் அசைவக் கணக்கு. அதனால் முட்டை போட்ட கேக்கிலும் பிஸ்கட்டிலும் பழுப்பு முக்கோணம் இருக்கும். முக்கோணம் இருந்தால் யோசிக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

பச்சைக் குறியோடு முடியவில்லை சித்தி, இதுதான் முக்கியம். பின்பக்கம் சேர்மானப் பட்டியல் முடிகிற இடத்தில் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கி கோதுமை, பால், சோயா என்று ஒரு வரி வரும். அதற்குப் பக்கத்திலேயே ‘மே கன்டெய்ன்’ என்று இன்னொரு வரி இருந்து, அதில் முட்டையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதே மெஷினில் முட்டை போட்ட பண்டமும் ஓடுகிறது, துளி ஒட்டியிருக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பச்சைக் குறி போட்ட பாக்கெட்டிலும் இந்த வரி வரும். சில பிள்ளைகளுக்கு அது ஒன்றும் செய்யாது. கவினுக்கு அதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நாங்களும் கொடுப்பதில்லை. எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், மேகலாவைப் படிக்கச் சொல்லுங்கள்.

பட்டியலில் ‘எக்’ என்றே எழுதாமல் வேறு பெயரிலும் வரலாம்: அல்புமின், ஓவால்புமின், லைசோசைம் (1105 என்ற எண்ணாகவும் இருக்கும்), மயோனைஸ், மெரிங். லெசித்தின் என்றோ 322 என்றோ பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. முட்டையிலிருந்து எடுத்திருந்தால் பச்சைக் குறியே போட முடியாது.

அப்படியானால் எதை வாங்கலாம்? சாதாரண பால் பிஸ்கட், மேரி பிஸ்கட், ரஸ்க், சேமியா, ரவையில் செய்த பாஸ்தா, கார்ன் ஃபிளேக்ஸ், சீஸ், பாக்கெட் தயிர் எல்லாவற்றிலும் முட்டை இல்லாத வகை சுலபமாகக் கிடைக்கும். கஸ்டர்டு பவுடர் என்றால் முட்டை என்று நினைக்காதீர்கள், நம் கடைகளில் விற்பது சோளமாவுதான். கம்பெனிப் பெயரை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஒரே கம்பெனி ஒரு வகையை முட்டை இல்லாமலும் இன்னொன்றை முட்டையோடும் செய்கிறது. போன மாதம் வாங்கிய அதே பிஸ்கட்டில் இந்த மாதம் வரி மாறியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பாருங்கள். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டிலும் மிட்டாயிலும் இடம் போதாது என்று பட்டியலே இல்லாமல் வரலாம். பெரிய பாக்கெட்டாக வாங்கிப் பிரித்துக் கொடுங்கள்.

நூடுல்ஸில் முட்டை சேர்த்தது தனியாக வருகிறது, கவனம். ஐஸ்கிரீமில் பச்சைக் குறி போட்ட, ‘மே கன்டெய்ன்’ வரியிலும் முட்டை இல்லாத கப் வாங்கலாம், கடையில் கரண்டியால் அள்ளி வைப்பது வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டிதான். மார்ஷ்மெல்லோ வேண்டவே வேண்டாம். ஃப்ரீசரில் விற்கிற சிக்கன் நகட்ஸில் இந்தக் குறி உதவாது. கோழிக்காகவே முக்கோணம் போட்டிருப்பார்கள், மேல்மாவில் முட்டை இருக்கிறதா என்பதை ‘கன்டெய்ன்ஸ்’ வரிதான் சொல்லும்.

சிங்கப்பூரிலிருந்து அத்தான் கொண்டுவந்த சாக்லேட் டப்பா ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்றீர்கள். அதைக் கவின் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் வாங்கியதில் நம் ஊர்க் குறி இருக்காது. அங்கே வெஜிடேரியன் என்று போட்டிருந்தாலும் முட்டை இருக்கலாம்.

இப்போது பேக்கரி. தூத்துக்குடியில் இருந்துகொண்டு மக்ரூன் வேண்டாம் என்று சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது முட்டை வெள்ளைக்கருவை அடித்து முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது, அவனுக்கு அதைவிட ஆபத்தான பண்டம் இல்லை. நீங்கள் எல்லோரும் சாப்பிட்டால் கையைக் கழுவிவிட்டு அவனைத் தூக்குங்கள், பொடி உதிர்ந்தால் துடைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் பக்கத்து வீடுகளிலிருந்து கேக் வரும். வாங்கிக்கொள்ளுங்கள், அவனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். லேபிள் இல்லாத எதுவும் வேண்டாம். ‘எக்லெஸ்’ என்று போர்டு வைத்த கேக்கும் அதில் சேர்த்திதான், மாவு அடிக்கிற கருவியும் தட்டும் ஒன்றாக இருக்கும். பன்னின் மேலே பளபளப்புக்காக முட்டை தடவுவதும் உண்டு. ஹோட்டல் பரோட்டா மாவிலும் பல இடங்களில் முட்டை போடுகிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள். நன்றாக வெந்த முட்டையைத் தாங்கிக்கொள்கிற பிள்ளைகள் நிறைய உண்டு, வளர வளரச் சரியாகிவிடுவதும் உண்டு. அதைப் பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரியில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது. வீட்டில் யாரும் ஒரு துளிகூடக் கொடுத்துப் பார்க்க வேண்டாம் சித்தி. இதை மட்டும் என் பேரைச் சொல்லியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தப்பித்தவறி ஏதாவது வாயில் போய்விட்டால்: உடம்பில் தடிப்பு மட்டும் வந்தால் நீலப் பையில் இருக்கிற சிரப்பைக் கொடுங்கள், அளவை பாட்டிலில் ஒட்டியிருக்கிறேன். அப்புறம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, நாக்கு வீங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, துவண்டு போனாலோ சிரப் வேலை செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய், ‘முட்டை அலர்ஜி, மூச்சு வாங்குகிறது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து. டாக்டர் கொடுத்த கடிதமும் அதே பையில் இருக்கிறது. எனக்கு அதற்கப்புறம் போன் செய்தால் போதும்.

ஹைதராபாத்தில் பயிற்சி சாயங்காலம் ஐந்தரை வரைக்கும். நடுவில் போன் எடுக்க முடியாவிட்டாலும் மெசேஜ் பார்ப்பேன். கடையில் சந்தேகம் வந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் பதில் போடும்வரை பிரிக்காமல் வைத்திருங்கள். சனிக்கிழமை காலை அவனுக்குப் பிடித்த பால் பிஸ்கட்டும் ரஸ்கும் கொண்டு வந்துவிடுகிறேன், முதல் இரண்டு நாளைக்கு நீங்கள் எதுவும் வாங்க வேண்டியிருக்காது.