விக்கிரவாண்டி கிளை: போர்டு, பவுடர், கப் மூன்றையும் உடனே சரிசெய்ய வேண்டும்

அண்ணே, வணக்கம்.

போன சனிக்கிழமை சென்னையிலிருந்து திரும்பும்போது சொல்லாமல்தான் நம் கிளையில் இறங்கினேன். நீங்கள் திண்டிவனம் போயிருப்பதாகப் பையன் சொன்னான். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று குழப்பம் வரும், அதனால் எழுதியே அனுப்புகிறேன். ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவின்படி இதை முறையான அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காபி. ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, இது நாம் அனுப்பும் பவுடர் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஃபில்டருக்குப் பக்கத்தில் வேறு கம்பெனியின் ஐந்து கிலோ பை பிரித்து வைத்திருக்கிறது, அதில் காபி 55, சிக்கரி 45 என்று அச்சடித்திருக்கிறது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி, அந்த வகையில் அந்தப் பவுடர் மீது தப்பு சொல்ல முடியாது. ஆனால் நம்முடையது 80க்கு 20. சிக்கரி கூடினால் டிகாஷன் கருகருவென்று கெட்டியாக இறங்கும், பார்க்க ஸ்ட்ராங்காகத்தான் தெரியும், ஆனால் வாசனை செத்துப்போய் நாக்கில் கசப்பு மட்டும் நிற்கும். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை அண்ணே. அவருக்கு இது உங்கள் கிளையா, எங்கள் கிளையா என்றெல்லாம் தெரியாது, வெளியே போட்டிருக்கும் பெயர்தான் தெரியும். அதே பெயரை நாளைக்குக் கும்பகோணத்தில் பார்த்தாலும் உள்ளே வரமாட்டார்.

நம் பவுடர் விலை கூடுதல் என்று நீங்கள் முன்பே சொன்னீர்கள். அதைப் பேசலாம், பேசத் தயாராக இருக்கிறேன். ஆனால் பேசி முடிக்கும் முன்னாலேயே பவுடரை மாற்றியது சரியில்லை.

அடுத்தது போர்டு. நாம் கொடுத்தது அரக்கு நிறப் பின்னணியில் சந்தன நிற எழுத்து. இப்போது இருப்பது பளீர் சிவப்பில் மஞ்சள் எழுத்து, இடத்தை நிரப்புவதற்காக லோகோவைப் பக்கவாட்டில் இழுத்து, டபரா தட்டு மாதிரி சப்பையாகிக் கிடக்கிறது. ஹைவேயில் தூரத்திலிருந்து கண்ணில் படவேண்டும் என்று செய்திருப்பீர்கள், அந்த நியாயம் புரிகிறது. அதற்கு இரவு விளக்கு வைத்த பெரிய போர்டு டிசைன் ஒன்று இருக்கிறது, கேட்டிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். வாசலில் கட்டியிருக்கும் பிறந்தநாள் வாழ்த்து ஃபிளெக்ஸையும் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். அந்தத் தலைவர் உங்களுக்கு வேண்டியவராக இருக்கலாம், உங்கள் சொந்தப் பெயரில் வேறு இடத்தில் எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள், அதில் நம் லோகோ மட்டும் இருக்கக்கூடாது. எந்தக் கட்சிக்காரரும் நம் கடையில் வந்து காபி குடிக்கவேண்டும்.

கப் விஷயம் சட்டச் சிக்கல். பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பித்தளை டபரா செட் அடிக்கடி காணாமல் போகிறது என்பது உண்மைதான், பஸ் கிளம்பும் அவசரத்தில் சிலர் கையோடு எடுத்துப் போய்விடுகிறார்கள். அதனால் உங்கள் கிளைக்கு மட்டும் எவர்சில்வர் செட்டுக்கு அனுமதி தருகிறேன், நம் முத்திரை போட்டது 60 செட் அனுப்புகிறோம், பில் அடுத்த மாதக் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். உங்களைப் பதிவு பெற்ற பயனராக டிரேட்மார்க் பதிவகத்தில் சேர்த்திருக்கிறோம். தரம் பற்றிய நிபந்தனையைக் கடைப்பிடிக்கவில்லை என்றால் அந்தப் பதிவை ரத்து செய்ய 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 50ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அந்த நிலைமைக்குப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை, ஆறு வருடமாகக் கூடவே இருக்கிறீர்கள், கொரோனா சமயத்தில் ஒரு ஆளைக்கூட நிறுத்தாமல் கடையை நடத்தினீர்கள். ஆனால் இதைக் கண்டும் காணாமல் விட்டால் மற்ற கிளைக்காரர்களிடம் நான் எந்த முகத்தோடு கேட்பது?

பவுடரும் கப்பும் வரும் செவ்வாய்க்குள் மாறியிருக்கவேண்டும். போர்டுக்கு 15 நாள் தருகிறேன், அச்சுக்குப் போகும் முன் டிசைனை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, சரி என்று நான் பதில் போட்ட பிறகே அடியுங்கள். வேலை முடிந்ததும் வாசல், ஃபில்டர் மேசை, கல்லா மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். 15 நாளில் முடியவில்லை என்றால் சப்ளையை நிறுத்திவைப்பதும், மார்ச் புதுப்பித்தலைத் தள்ளிப்போடுவதும் தவிர எனக்கு வேறு வழியில்லை.

செவ்வாய் காலை ஏழு மணிக்கெல்லாம் நம் வண்டி பவுடரும் டபரா செட்டும் ஏற்றிக்கொண்டு வந்துவிடும். அன்றைக்கு நீங்கள் கடையில் இருங்கள், நானும் வருகிறேன், விலை விஷயத்தை நேரிலேயே உட்கார்ந்து பேசிவிடலாம்.

கிளைகள் பொறுப்பு,
தலைமை அலுவலகம், கும்பகோணம்