ஒரு வீடு, மூன்று வரம்புகள்: விவாதப் பாட ஏடு

சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு, தமிழ் வகுப்பு. மாணவர்கள் 16 பேர். ஆயத்தத்திற்கு 60 நிமிடம், விவாதத்திற்கும் மீள்நோக்கிற்கும் 70 நிமிடம்.

தீர்மானம்: "மறுவிற்பனைக்கு வீவக வீட்டை விற்கும் சிறுபான்மை இனத்தவருக்கு இன விகிதாசார வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட வேண்டும்."

தீர்மானத்தின் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். வீவக என்பது பொதுக் குடியிருப்புகளைக் கட்டும் அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அதன் வீடுகளில், ஒரு புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பிடும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வேண்டுமா வேண்டாமா என்பது இன்றைய வினா அன்று. அந்தக் கொள்கை தொடரும் என்பதை இரு அணிகளும் ஏற்றுக்கொண்டு, அதன் சுமை யார் தோளில் விழுகிறது, அதை இறக்கி வைத்தால் கொள்கையின் நோக்கம் நிலைக்குமா என்பதை மட்டுமே வாதிட வேண்டும். பேச்சு "நாம் எல்லோரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்" என்ற பொதுமைக்குள் வழுக்கி விழுந்தால், தலைவர் உங்களை இந்த வரிக்குத் திருப்பி அழைப்பார்.

ஆயத்தம்

இக்கொள்கை 1989இல், எஸ். தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த காலத்தில், நடைமுறைக்கு வந்தது. சில நகரங்களில் குறிப்பிட்ட இனத்தவர் மிகுதியாகச் சேர்ந்து வாழத் தொடங்கியதும், அது நீடித்தால் பேட்டைகள் இனவாரியாகப் பிரிந்துவிடும் என்ற அச்சமுமே காரணம். 1964ஆம் ஆண்டு இனக் கலவரங்களின் நினைவு அப்போது கொள்கை வகுத்தோரிடம் பசுமையாக இருந்தது. சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் வீவக வீடுகளில் வாழும் நாட்டில், வீட்டு விற்பனை விதி ஒன்று அண்டை வீட்டார் யார் என்பதையே தீர்மானிக்க வல்லது என்பதை மறக்க வேண்டாம்.

இன்றுள்ள வரம்புகள் இவை: ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25 விழுக்காடு, இந்தியரும் மற்றவரும் 15 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் முறையே 84, 22, 12 விழுக்காடு. இந்தியர், மற்றவர் பிரிவின் வரம்பு 2010இல்தான் இந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முன் அது 13, 10 விழுக்காடாக இருந்தது. நிரந்தரவாசிகளுக்குத் தனியே உள்ள வரம்பு வேறு. அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது முதல் பணி. புளோக் அளவிலான மூன்று எண்களையும் கூட்டுங்கள். 127 வருகிறது. நூறைத் தாண்டுவது எப்படி என்று இருவர் இருவராகக் கலந்துபேசி விடை எழுதுங்கள். இவை பங்கீடுகள் அல்ல, உச்சவரம்புகள் என்பதை நீங்களே கண்டறிய வேண்டும் என்பதால்தான் இந்தக் கணக்கு. முதன்முறை படிப்பவர்களில் பலர் "இந்தியருக்கு 15 விழுக்காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது" என்று தவறாக எழுதுவார்கள், அந்த ஒரு சொல் பிறழ்ந்தால் பிறகு கட்டும் வாதம் முழுவதும் சாய்ந்துவிடும்.

இரண்டாம் பணி, கீழுள்ள கற்பனைச் சூழல். ஈசூனில் 120 வீடுகள் கொண்ட புளோக் ஒன்று. அதில் சீனர் வீடுகள் 104. அதாவது வரம்பு எட்டப்பட்டுவிட்டது, ஏனெனில் 87 விழுக்காடு என்பது 104.4. பன்னிரண்டாம் மாடியில் உள்ள நாலறை வீட்டைத் தமிழ்க் குடும்பம் ஒன்று, பெற்றோரின் முதுமை கருதிச் சிறிய வீட்டுக்கு மாறுவதற்காக விற்க விரும்புகிறது. வரம்பு எட்டப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர், அதே இனத்தவரிடமிருந்து மட்டுமே அந்தப் புளோக்கில் வீடு வாங்க முடியும். எனவே இவர்களுக்குச் சீன இனத்தவரிடம் விற்க வழியில்லை. எதிர்வீட்டுச் சீனக் குடும்பமோ எந்த இனத்தவருக்கும், அவரவர் வரம்புக்கு உட்பட்டு, விற்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0. இந்தக் குடும்பத்தின் வீட்டை வாங்க வரக்கூடியவர் வட்டம் எவ்வளவு குறுகுகிறது, அது விலையை எப்படிப் பாதிக்கும் என்று எழுதுங்கள். பிறகு, இதே புளோக்கில் இத்தகைய பத்துக் குடும்பங்கள் விலக்குப் பெற்று விற்றுவிட்டால் புளோக்கின் தோற்றம் என்னவாகும் என்றும் எழுதுங்கள். இரண்டையும் எழுதாமல் அணி பிரிக்கப்படமாட்டீர்கள்.

நெருக்கடிக்குள்ளாகும் சிறுபான்மை உரிமையாளர் சிலரின் வீட்டை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் அறிமுகமானது. எதிர்ப்போர் இதைத் தீர்வாகக் காட்டுவார்கள். முன்மொழிவோரோ, இது சிலருக்கான நிவாரணமே அன்றிப் பொதுவிதி அன்று என்பார்கள். இரு அணிகளும் இந்த இடத்தில் மோதும் என்பதால் இதற்கெனத் தனிக் குறிப்பு எடுங்கள்.

அணிகள் சீட்டுக் குலுக்கலில் அமையும். நம்பாத பக்கம் வந்தால் வருந்த வேண்டியதில்லை. என் அனுபவத்தில் நன்றாகத் தயாரிப்பவர்கள் அவர்களே. ஒவ்வோர் அணிக்கும் மூவர், ஒருவர் தலைவர், ஒருவர் நேரங்காப்பாளர், எஞ்சிய எண்மர் பதிவாளர்கள்.

விதிகள்

இது பட்டிமன்றம் அன்று. கைதட்டலுக்காக நகைச்சுவைத் துணுக்குச் சொல்வதும், முடிவில் நடுவர் இரு பக்கத்தையும் தட்டிக்கொடுத்துப் பேசுவதும் அந்த மேடைக்கு அழகு; இங்கே இடமில்லை.

ஒவ்வொருவருக்கும் நான்கு நிமிடம். முன்மொழிவோர் தொடங்க, மாறி மாறிப் பேச வேண்டும். முதல் பேச்சாளரைத் தவிர மற்ற அனைவரும், தமது வாதத்துக்கு முன், எதிரணியின் கடைசி வாதத்தைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை முன்வைத்தவர் "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று ஏற்றபின்தான் நான்கு நிமிடம் எண்ணப்படும். ஏற்காவிட்டால் மீண்டும் ஒருமுறை முயலலாம். இரண்டாம் முறையும் தவறினால், வாதத்தை முன்வைத்தவரே அதை அரை நிமிடத்தில் தெளிவுபடுத்துவார். இதுதான் இப்பாடத்தின் முதுகெலும்பு. எதிரணி சொல்லாத ஒன்றை அவர்கள் சொன்னதாக வைத்துக்கொண்டு வெட்டி வீழ்த்துவது நம் வகுப்பில் அடிக்கடி நடப்பதாலேயே இவ்விதி.

எந்த இனத்தையும் பற்றி "அவர்கள் இப்படித்தான்" என்று பேசினால் தலைவர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துவார். வரம்பு, விலை, விற்பவர், வாங்குபவர் என்ற சொற்களுக்குள் முழு விவாதத்தையும் நடத்த முடியும். தம் வீட்டாரின் அனுபவத்தைச் சொல்வது அவரவர் விருப்பம். யாரிடமும் அதைக் கேட்கக் கூடாது.

பேச்சுகள் முடிந்ததும் பதிவாளர்கள் 12 நிமிடம் வினா எழுப்புவார்கள். பின் அணிக்கு மூன்று நிமிட முடிவுரை. அதில் புதிய வாதம் கூடாது.

மீள்நோக்கு

வெற்றி அறிவிக்கப்படாது. விவாதத்துக்கு முன்பு நீங்கள் தாளில் மடித்துத் தந்த நிலைப்பாட்டை, ஏற்கிறேன், மறுக்கிறேன் என இரண்டில் ஒன்றாக, மறுபடியும் எழுதித் தாருங்கள். இரு தாள்களையும் ஒப்பிட்டு, எத்தனை பேர் மாறினார்கள் என்பதை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன். யார் என்று சொல்லமாட்டேன்.

பிறகு 15 நிமிடம், தனியாக, பேச்சின்றி எழுதுங்கள். எதிரணி திருப்பிச் சொன்னபோது உங்கள் வாதம் உங்களுக்கே எப்படி ஒலித்தது? உங்கள் அணி பயன்படுத்தாமல் விட்ட வலுவான வாதம் எது? விலக்குக்கும் இன்றைய நிலைக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றை நீங்கள் வகுக்க வேண்டுமானால், அதன் செலவை யார் ஏற்பார்: விற்பவரா, வாங்குபவரா, அரசா? கடைசி வினாவுக்கு ஒரு பத்திக்குக் குறையாமல் எழுதுங்கள், காரணத்துடன் எழுதுங்கள்.

பதிவாளர்கள் தாம் குறித்த தாள்களில், திருப்பிச் சொல்லல் எத்தனை முறை ஏற்கப்படவில்லை என்பதையும், ஒவ்வொரு முறையும் எந்தச் சொல்லில் பொருள் பிறழ்ந்தது என்பதையும் குறிப்பிட்டு, மணி அடிக்குமுன் என் மேசையில் வையுங்கள். அடுத்த வகுப்பில் அந்தச் சொற்களிலிருந்தே தொடங்குவோம்.